ஒன்பதாம் வாரத்தில் கரு கலைந்த தம்பதிக்கு, டர்பனிலிருந்து ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கும் தம்பிக்கும்,

செவ்வாய்க்கிழமை நீங்கள் இருவரும் வீட்டுக்குக் கிளம்பும்போது, சொன்னது எதுவும் மனதில் நிற்கவில்லை என்றீர்கள். அந்த நிலையில் யாருக்கும் நிற்காது. அதனால் எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறோம். சாட்ஸ்வொர்த் வீட்டில் ஆயாவும் படிக்க வேண்டும் என்று கேட்டதால் தமிழில் எழுதியிருக்கிறோம்.

உங்கள் பிள்ளை போய்விட்டது. எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஒன்பது வாரம்தானே என்று யார் சொன்னாலும், நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருந்தது ஒன்பது வாரத்தை அல்ல, ஒரு பிள்ளையை.

முதலில், தங்கை அன்று மூன்று முறை கேட்ட கேள்விக்குப் பதில். நீங்கள் செய்த எதனாலும் இது நடக்கவில்லை. வேலையில் பெட்டி தூக்கியது, மாடிப்படி ஏறியது, தாம்பத்தியம், ஒரு துண்டு பப்பாளி, மாமியாரோடு வந்த வாக்குவாதம், இவை எதற்கும் வளரும் கருவைக் கலைக்கும் வல்லமை இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு, முட்டையும் விந்தும் சேரும் நேரத்திலேயே குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருக்கும். அப்படிப்பட்ட கரு சில வாரம் வளர்ந்து தானாக நின்றுவிடும். ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரியாதபோது, வளர்ச்சி நின்று சில நாளாகியிருந்தது. ரத்தப்போக்கு பிறகுதான் வந்தது. முந்தின நாள் படுத்தே இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. கண்பட்டது என்று யாராவது சொன்னால் அவர்களோடு வாதாட வேண்டாம். ஆனால் அந்தப் பழியைத் தூக்கி மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கருப்பையைக் கைக்குழல் உறிஞ்சல் முறையில் சுத்தம் செய்திருக்கிறோம். உள்ளே மிச்சம் இல்லை என்று ஸ்கேனில் பார்த்தோம். ஆகவே "வயிறு சுத்தமாக" என்று விளக்கெண்ணெயோ, காரமான கஷாயமோ குடிக்க வேண்டாம். அது பேதியையும் நீரிழப்பையும்தான் தரும். ஆயா வைக்கிற மிளகு ரசம், பூண்டு, முருங்கைக்கீரை, பருப்பு எல்லாம் நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் டீயோடு சேர்க்காதீர்கள். டீ அதை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். அந்த மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

ரத்தப்போக்கு இரண்டு வாரம் வரை இருக்கலாம். முதலில் மாதவிலக்கு போல, பிறகு பழுப்பாக, பிறகு கறையாக என்று குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவில் ஓரிரு நாள் நின்று திரும்ப வருவதும் உண்டு. பேட் மட்டும் பயன்படுத்துங்கள், டாம்பான் வேண்டாம். ரத்தம் நிற்கும் வரை தாம்பத்தியமும் கடல், நீச்சல்குளக் குளியலும் வேண்டாம். வீட்டில் தலைக்குக் குளிக்கத் தடை இல்லை. வலிக்கு பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. போதாவிட்டால், வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ இல்லாத உங்களுக்கு, ஐபுபுரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நாளில் மூன்று வேளை வரை சேர்க்கலாம்.

தம்பி, அடுத்த பத்தியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். தங்கை சோர்ந்திருக்கும்போது கணக்கு வைப்பது உங்கள் வேலை.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால். எலுமிச்சைப் பழ அளவுக்கு மேல் கட்டி விழுந்தால். காய்ச்சல் 38 டிகிரியோ அதற்கு மேலோ போனால். கெட்ட வாடை வந்தால். மாத்திரைக்கு அடங்காத வலியோ, தலைசுற்றலோ, மயக்கமோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். வண்டி இல்லாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

ரத்த வகை ஓ பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. நெகட்டிவ் உள்ளவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் போடும் ஆன்டி-டி ஊசி உங்களுக்குத் தேவையில்லை. அகற்றிய திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். நஞ்சுத் திசு திராட்சைக் கொத்துபோல் பிசகாக வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யத்தான் அது. கரு ஏன் நின்றது என்பதை அந்தச் சோதனை சொல்லாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து எங்களிடம் வாருங்கள். மூன்று வாரம் முடிந்ததும் வீட்டில் சிறுநீர் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் செய்தால், மிச்சமிருக்கும் ஹார்மோனால் இரண்டு கோடு காட்டி மனதை உலுக்கிவிடும். மூன்று வாரத்துக்குப் பிறகும் இரண்டு கோடு இருந்தால் சொல்லுங்கள், மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும். மாதவிலக்கு பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வரும், முதல் முறை கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். ஆனால் கருமுட்டை அதற்கு முன்பே, இரண்டாவது வாரத்திலேயேகூட வெளிவரலாம். இப்போது இன்னொரு கர்ப்பம் வேண்டாம் என்றால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு தேவை. வேண்டும் என்றால், ஒரு மாதவிலக்கு வந்து போகட்டும், தேதி கணக்கிட எளிது. ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் தொடருங்கள். ஒருமுறை கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடி முடிகிறது. ஒருமுறைக்குப் பெரிய சோதனைகள் எதுவும் வேண்டாம்.

வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். அதில் காரணம் எழுதவில்லை, மேலாளருக்கு என்ன சொல்வது என்பது உங்கள் முடிவு. கடைசி மூன்று மாதத்தில் இழப்பவர்களுக்கு இந்நாட்டுச் சட்டம் ஆறு வார விடுப்பு தருகிறது. ஒன்பது வாரத்துக்கு அது பொருந்தாது, நோய் விடுப்புதான். அது நியாயமில்லை என்பது எங்கள் எண்ணம். ஆனாலும் கணக்கில் இருக்கும் நோய் விடுப்பைத் தயங்காமல் எடுங்கள்.

இருவரும் ஒரே மாதிரி துக்கப்பட மாட்டீர்கள். தங்கை அழுதுகொண்டிருக்கும்போது தம்பி கூரையைச் சரிசெய்யப் போகலாம். அதை அக்கறையின்மை என்று எண்ண வேண்டாம். தம்பி, உங்களையும் யாராவது "எப்படி இருக்கீங்க" என்று கேட்க வேண்டும், கேட்காவிட்டால் எங்களிடம் வாருங்கள். உறவினர் போன்களை நீங்களே எடுங்கள். "பிள்ளை தங்கவில்லை. இருவரும் ஓய்வில் இருக்கிறோம். பேச முடிகிறபோது நாங்களே கூப்பிடுகிறோம்" என்றால் போதும். தீட்டு, கோயில், ஆடிக் கூழ் பற்றி வீட்டில் எப்படி முடிவு செய்தாலும் மருத்துவத்தில் தடை ஒன்றுமில்லை. விளக்கேற்ற மனம் சொன்னால் ஏற்றுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமோ பசியோ திரும்பாவிட்டால், எழுந்திருக்கவே முடியாவிட்டால், வந்து சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே 0800 567 567 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள், இரவும் எடுப்பார்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறிய வெள்ளை உறை இருக்கிறது. அதில் முதல் ஸ்கேன் படம். ஒட்டித்தான் அனுப்புகிறோம். இன்று திறக்கலாம், ஒரு வருடம் கழித்துத் திறக்கலாம், அலமாரியில் திறக்காமலே வைக்கலாம். வேண்டாம் என்றால் திருப்பித் தாருங்கள், பத்திரமாக வைத்திருப்போம்.

பிரசவத்துக்கு நாங்கள் குறித்துக் கொடுத்த அந்த ஜனவரித் தேதி வரும்போது மறுபடி கனக்கும். அந்த வாரம் எங்கள் கதவு திறந்திருக்கும், முன்கூட்டி நேரம் குறிக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆரம்பக் கர்ப்பப் பிரிவின் சிஸ்டர்மாரும் டாக்டரும்