ஐயா பர்மாவுல பேகுல இருந்து எழுதின லெட்டர், 1930: மூலமும் இன்னைக்குத் தமிழும்

எல்லாரும் கேட்டதால முழுசா டைப் பண்ணிட்டேன். மூலத்துல ஐயா புள்ளியே வைக்கல, ஒத்தைக் கொம்பு ரெட்டைக் கொம்பு வித்தியாசமும் கிடையாது, அதை அப்படியே விட்டிருக்கேன். ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். கீழ உள்ளது நான் இப்போ நாம பேசுற மாதிரி எழுதினது, அதுல சந்தேகம் வந்தா மேல பாருங்க, மேல உள்ளதுதான் ஐயா கை.

மூலம்: உ சிவமயம. பிரமொதூத ௵ சிததிரை ௴ ௨௰௬ ௳ பெகுவிலிருநது அபபசசி அவரகளுககு அநெக வணககம. இவிடம நாஙகள செமம. அவிடம ஆததாள முதல சகலருடைய செமததுககும எழுதவும.

இன்னைக்கு: பிரமோதூத வருஷம் சித்திரை 26, பேகு. அப்பச்சிக்கு வணக்கம். இங்க நாங்க நல்லா இருக்கோம். அங்க ஆத்தாவும் மத்த எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு எழுதுங்க.

(நம்ம கணக்குக்கு 1930 மே. நிலநடுக்கம் மே 5 திங்கக்கிழமை ராத்திரி, அந்த வாரமே எழுதியிருக்கார்.)

மூலம்: இபபவும நாளது சொமவாரம ராததிரி எடடு மணிககு மெல பூமி அதிரநது கடைச சுவர சாயநது பொசசுது. நானும மெலாளும பெடடியடிப பையனும தெருவிலெ ஓடி வநது உயிர தபபினொம. பெரிய பயாக கொபுரம விழுநது விடடது. ௸ ராததிரியெ தீப பிடிதது கடைததெரு பொசசுது.

இன்னைக்கு: விஷயம் என்னன்னா, இந்தத் திங்கக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல பூமி அதிர்ந்து கடைச் சுவர் சாஞ்சு போச்சு. நானும் மேலாளும் பெட்டியடிப் பையனும் தெருவுக்கு ஓடி வந்து உயிர் தப்பிச்சோம். பெரிய பயாவோட கோபுரம் விழுந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரியே தீப்பிடிச்சு கடைத்தெருவே போச்சு.

(பயான்னா பர்மாக்காரங்க புத்தர் கோவிலுக்குச் சொல்றது. பேகுல பெரிய பயான்னா ஷ்வேமாடோ, அது அந்த நிலநடுக்கத்துல நிஜமாவே இடிஞ்சது. "இப்பவும்"னா இப்போன்னு அர்த்தம் இல்ல, நலம் விசாரிச்சு முடிச்சுட்டு விஷயத்துக்கு வர்றப்போ போடுற சொல்லு.)

மூலம்: பணம எடுதது வைததது தபபிததது. ௸ பெரெடு கெடடது பறறி முதலாளிககு மெலாள எழுதியிருககிறார.

இன்னைக்கு: எடுத்து வச்ச பணம் தப்பிச்சுது. பேரேடு கெட்டுப் போனதைப் பத்தி மேலாள் முதலாளிக்கு எழுதியிருக்கார்.

(இங்கதான் மாட்டிக்கிட்டேன். "கெடடது" கெட்டதாவும் இருக்கலாம் கேட்டதாவும் இருக்கலாம், ரெட்டைக் கொம்பு இல்லாம ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான். பணத்துக்கு அடுத்த வரி, நிலநடுக்கம், அதனால கெட்டதுன்னு போட்டேன். ஆனா தேவகோட்டை அண்ணன் ஒத்துக்கல, "௸ன்னு இருக்கு, மேற்படி பேரேடு, ஆனா இந்த லெட்டர்ல மேல எங்கயும் பேரேட்டுப் பேச்சே இல்ல, அப்போ முன்னாடி லெட்டர்ல முதலாளி பேரேட்டை அனுப்பச் சொல்லி கேட்டிருப்பார்"ங்கிறார். எனக்கென்னவோ மேற்படி கடைப் பேரேடுன்னுதான் படுது. பெட்டியில அந்த முந்தின லெட்டர் இல்ல. அதனால ஐயா பேரேட்டை எரிய விட்டார்னு யாரும் கதை கட்டாதீங்க.)

மூலம்: இததுடன ௹ ௪௰௫ உணடியல அனுபபியிருககிறென. ௹ ௨௰ ஆததாளுககு. மிசசம வீடடுச செலவுககு.

இன்னைக்கு: இதோட 45 ரூபாய்க்கு உண்டியல் அனுப்பியிருக்கேன். 20 ரூபாய் ஆத்தாவுக்கு. மிச்சம் வீட்டுச் செலவுக்கு.

(நாப்பத்தஞ்சுங்க! நானூத்தி அஞ்சு இல்ல. ௰ பூஜ்யம் கிடையாது, பத்து. நாலு பத்து அஞ்சு. இவ்ளோ வருஷமா "ஐயா பூகம்பத்துலயும் 405 ரூபா அனுப்பினார்"னு ஒவ்வொரு கல்யாணத்துலயும் பெருமை அடிச்சோமே, போன தடவை காப்பி எடுத்தவர் ௰-ஐ சைபர்னு நினைச்சு எழுதின வினை அது. மூலத்தை எழுதாம கதையை மட்டும் எழுதி வச்சதால யாருக்கும் தெரியல.)

மூலம்: ஆததாளுககுப பககுவமாயச சொலலவும. வீடடிலெயும செமததைச சொலலவும. குழநதை நடை பழகி விடடதா எழுதவும. கணககு முடிய இனனம ௰௪ மாசம இருககு.

இன்னைக்கு: ஆத்தாகிட்ட பதமா சொல்லுங்க. வீட்டுலயும் நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க. குழந்தை நடக்க ஆரம்பிச்சுட்டானான்னு எழுதுங்க. கணக்கு முடிய இன்னும் 14 மாசம் இருக்கு.

("வீட்டிலே"ன்னா அப்பத்தா. அப்பச்சிக்கு எழுதுற லெட்டர்ல பொண்டாட்டி பேர் எழுதுறதாவது! குழந்தைங்கிறது பெரியப்பச்சி, அதனால "நடக்க ஆரம்பிச்சுட்டானா"ன்னு நானே ஆம்பளைப் பிள்ளை ஆக்கிட்டேன், மூலத்துல அது இல்ல. மூணு வருஷக் கணக்குக்குப் போனவர், அது முடிஞ்சாதான் ஊருக்கு வர முடியும். இதுக்குக் கீழ மடிப்புல காகிதம் போயிடுச்சு, ரெண்டு சொல் படிக்க முடியல, ரெண்டு பக்கத்துலயும் நான் எதையும் போடல.)