நாலு நாற்பது வண்டி

பஸ் டிப்போவில் ராத்திரி ஷிப்ட் கிளார்க் கிளம்பும்போது, "டூட்டி சார்ட் ரெடி, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு யாராவது போனால் முதலில் சார்ட்டைத்தான் எடுத்துப் பார்ப்பேன். மணி 3:10. முதல் வண்டி 4:40க்கு.

4:40 வரிசையில் டிரைவர் மணி. 5:05க்கு செல்வம் அண்ணன். 5:15 மலை வண்டிக்கு பாஸ்கர். 5:30க்கு மறுபடியும் மணி. ஒரே ஆள் ஐம்பது நிமிஷ இடைவெளியில் இரண்டு வண்டி ஓட்ட வேண்டுமாம்.

சரி, ஸ்பேர் டிரைவர் கதிரை ஒன்றில் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்த பிறகுதான் செக்யூரிட்டியின் கேட் நோட்டைப் பார்த்தேன். நேற்று டயர் வெடித்து வழியில் நின்ற வண்டி 11:50க்குத்தான் உள்ளே வந்திருக்கிறது. ஓட்டி வந்தவர் பாஸ்கர். டூட்டி முடிந்து ஒன்பது மணி நேரம் ஓய்வு இல்லாமல் அடுத்த வண்டி தரக்கூடாது, அப்படிப் பார்த்தால் காலை 8:50க்கு முன்னால் அவரைத் தொட முடியாது. அதுவும் மலைப்பாதைக்கு, தூக்கக் கலக்கத்தோடு! ஆக ஓட்டை இரண்டு, கையில் ஸ்பேர் ஒருவர். அந்த ஒருவரும் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, மலை வழியில் இன்னும் பழக்கம் இல்லை.

இந்த மாதிரி நேரத்தில் வண்டியைப் பார்த்தால் தலை சுற்றும், ஆளைத்தான் எண்ண வேண்டும். ரிஜிஸ்டரை எடுத்து டூட்டி, வார ஓய்வு, லீவு என்று ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே போனேன். பெயர் ஒன்று இரண்டு தடவை வந்தால் இன்னொரு பெயர் எங்கேயோ காணாமல் போயிருக்கத்தானே வேண்டும்? தங்கராஜ். டூட்டியிலும் இல்லை, லீவிலும் இல்லை, அந்த மனிதர் உலகத்திலேயே இல்லாத மாதிரி இருந்தது.

மேஜை டிராயரைக் கவிழ்த்தேன். பழைய வே பில் கட்டுக்குள் மடங்கிக் கிடந்தது அந்தச் சீட்டு. மணிக்கு மத்தியானம் ஏதோ வீட்டு வேலை, அதனால் சீக்கிரம் முடியும் தங்கராஜின் 4:40ஐ அவர் எடுத்துக்கொண்டு தன்னுடைய 5:30ஐ தங்கராஜுக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. நம்ம ராத்திரி கிளார்க் 4:40இல் மணியை எழுதியதோடு சரி, 5:30இல் பெயரை அடிக்க மறந்துவிட்டார். நடுவில் டீ வந்திருக்கும்.

தங்கராஜுக்கு போன் போட்டேன்.

"சொல்லுங்க சார், அஞ்சரை வண்டிதானே? குளிக்கப் போறேன்."

உயிர் வந்தது. மிச்சம் மலை வண்டி ஒன்றுதான். மணியைத் தொட முடியாது, தொட்டால் அவருடைய மத்தியான வேலை கெட்டுவிடும். செல்வம் அண்ணனுக்கு அந்த வழி தண்ணி பட்ட பாடு, அவரை 5:15க்கு ஏற்றி, கதிரை 5:05க்கு வைத்தால் அது நேர் ரோடு, கதிர் ஏற்கெனவே ஓட்டிய வழிதான். வே பில்லும் டிக்கெட் மெஷினும் கண்டக்டர் பெயரில் இருப்பதால் அந்தப் பக்கம் கை வைக்கத் தேவையில்லை. பாஸ்கரை 9 மணியிலிருந்து ஸ்பேர் என்று எழுதினேன்.

செல்வம் அண்ணன் நாலு மணிக்கு வந்து சார்ட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் தம்பி, மலைன்னா என் ஞாபகம்தான் வருமா?"

"வேற யாரண்ணே இருக்கா? பாஸ்கர் பன்னெண்டு மணிக்குத்தான் படுத்தாரு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பிரேக் பாக்கச் சொல்லு ஒரு தடவை" என்று கையெழுத்துப் போட்டார். போர்மேனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், ஆனாலும் திரும்பப் போய்ச் சொன்னேன்.

பாஸ்கர் ஓய்வறையில் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் போன், அலாரம் எத்தனை மணிக்கோ தெரியவில்லை. எழுப்பிச் சொன்னால் அந்தத் தூக்கமும் போய்விடும். "5:15 உங்களுக்கு இல்லை. 9 மணிக்கு வந்தால் போதும். தூங்குங்க" என்று எழுதி, செருப்புக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

4:40க்கு மணி வண்டியை எடுத்தார். கேட் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் தடதடவென்று சத்தம். பாஸ்கர். தலை கலைந்து, ஒரு கையில் போன், வெறுங்காலோடு ஓடி வருகிறார்.

"சார், லேட்டாயிடுச்சா?"

"செருப்பு எங்கண்ணே?"