முனைவர் பட்ட ஆய்வு நெறியாள்கை கோரி ஒரு கடிதம்

ஜூரோங் வெஸ்ட்,
சிங்கப்பூர்
12 ஜனவரி 2026

பெறுநர்:
மொழியியல் பேராசிரியர் அவர்கள்,
மெல்பர்ன், ஆஸ்திரேலியா

பொருள்: 2027 தொடக்கத்தில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வைத் தங்கள் நெறியாள்கையில் தொடங்க இயலுமா என வினவுதல்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தமிழாசிரியராகப் பணியாற்றி வருகிறேன். தேசியக் கல்விக் கழகத்தில் பயன்பாட்டு மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றேன். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் தமக்குள் பேசும் தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு எந்த அளவுக்கு நிலைத்திருக்கிறது என்பதை முனைவர் பட்டத்திற்கு ஆராய விரும்புகிறேன். இந்த ஆய்வுக்குத் தாங்கள் நெறியாளராக இருக்க வாய்ப்புண்டா என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும் என்பதை அறிவேன். நான்கு பக்க ஆய்வு முன்மொழிவையும் ஆங்கிலத்திலேயே இணைத்திருக்கிறேன். ஆயினும் என் தரவுகள் யாவும் பேச்சுத் தமிழ் என்பதாலும், தாங்கள் தமிழிலும் தொடர்ந்து எழுதி வருபவர் என்பதாலும், ஆய்வுப் பொருளை முதலில் தமிழில் சொல்வதே பொருத்தம் எனத் தோன்றியது.

இந்தக் கேள்வி வகுப்பறையில்தான் பிறந்தது. உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை என்னிடம், “டீச்சர், நாம நேத்து ஈஸ்ட் கோஸ்ட் போனோம்” என்றாள். அவள் தன் குடும்பத்தோடு போனதைச் சொன்னாள், நான் போகவில்லை. அதைத் திருத்துவதற்கு முன் ஒரு கணம் தயங்கினேன். அவள் சொன்னதில் எழுவாய்க்கும் வினைக்கும் இடையே பிழை எதுவும் இல்லை. ‘நாம் போனோம்’, ‘நாங்கள் போனோம்’ இரண்டிலும் வினைமுற்று ஒன்றுதான். கேட்பவரை உள்ளடக்குகிறோமா விலக்குகிறோமா என்பதைப் பெயர் மட்டுமே சுமக்கிறது. வினை அதற்கு எந்தத் துணையும் செய்வதில்லை. ‘நீ’, ‘நீங்கள்’ அப்படியல்ல: ‘வந்தாய்’, ‘வந்தீர்கள்’ என வினையும் சேர்ந்து மாறுகிறது. போதாக்குறைக்கு, பாட்டியைப் பார்த்து ‘நீ’ என்று சொல்லும் பிள்ளையை வீட்டில் யாராவது உடனே அதட்டுவார்கள். ‘நாம’ என்று தவறாகச் சொல்லும் பிள்ளையை யாரும் அதட்டுவதில்லை. சொன்னது எப்படியோ புரிந்துவிடுகிறது. ஆகவே, ஆங்கிலம் முதன்மையாகிவிட்ட வீடுகளில் மரியாதை வேறுபாடு நீடிக்கும் அளவுக்கு உளப்பாட்டு வேறுபாடு நீடிக்காது என்பது என் கருதுகோள். தொல்காப்பியர் ‘யாம்’, ‘நாம்’ எனத் தனித்தனியே வகுத்துச் சொன்ன ஒரு வேறுபாடு இங்கே ஒரு தலைமுறைக்குள் நழுவுகிறதா, அல்லது வேறு வடிவத்தில் தங்கியிருக்கிறதா என்பதையே கண்டறிய விரும்புகிறேன்.

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர் வீட்டில் மிக அதிகமாகத் தமிழ் பேசுகிறார்கள். 2010இல் இது 3.3 விழுக்காடாக இருந்தது. இந்த எண்களைச் சொல்லி வருந்தும் கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்திருக்கிறேன். ஆனால் அதே கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலத்தையே மிக அதிகமாகப் பேசுவோரில் சுமார் 87 விழுக்காட்டினர் ஒரு தாய்மொழியையும் கூடவே பேசுகிறார்கள் என்பதும் தெரியவந்தது. இந்த ‘கூடவே’ என்ற சொல்லுக்குள் என்ன இலக்கணம் இருக்கிறது என்பதைக் கணக்கெடுப்பு சொல்ல முடியாது. என் ஆய்வு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கடந்த ஆண்டு, எனக்குத் தெரிந்த நான்கு குடும்பங்களின் ஒப்புதலுடன் ஏறத்தாழ பதினொரு மணி நேர உரையாடலைப் பதிவு செய்து, ஈலான் மென்பொருளில் எழுத்துப் பெயர்த்தேன். நான்கு குடும்பங்களை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்: பிள்ளைகள் பேச்சில் ‘நாங்க’ என்ற எழுவாய் அரிதாகவே வந்தது, ஆனால் ‘எங்க வீடு’, ‘எங்க அம்மா’ என்ற வழக்கு தடையின்றி வந்தது. ‘எங்க’ என்பது அவர்கள் வாயில் ஒரு வேற்றுமை வடிவமாக உயிரோடு இருக்கிறதா, அல்லது ‘எங்க வீடு’ என்பதையே ஒரே சொல்லாகக் கற்றுக்கொண்டார்களா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. இதைச் சோதிப்பதற்கு உரையாடல் பதிவு மட்டும் போதாது, தூண்டல் பயிற்சிகளும் வேண்டும் என நினைக்கிறேன். ஒரு பதிவில் எட்டு வயதுப் பேரன், “நாம ஸ்கூல்ல கேக் வெட்டினோம்” என்று சொன்னதும் பாட்டி, “யாருடா அந்த நாம? நானுமா வந்தேன்?” என்று கேட்கிறார். பையன் சிறிது யோசித்துவிட்டு, “மை கிளாஸ்” என்கிறான். தேவையான வேறுபாட்டை அவன் உணர்ந்திருக்கிறான். ஆனால் அதற்கான சொல்லை ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டான். அந்தச் சில விநாடிகளை எத்தனை முறை திரும்பக் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

புலம்பெயர்ந்த குடும்பங்களின் வீட்டுப் பேச்சைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரைகளை முதுகலைக் காலத்திலிருந்தே படித்து வருகிறேன். பிள்ளை எந்த வடிவத்தைத் தவறவிடுகிறது என்று பட்டியலிடுவதோடு நிறுத்தாமல், யாரிடம், எப்போது, எதைச் செய்துகொண்டிருக்கையில் அதைத் தவறவிடுகிறது என்று தாங்கள் கேட்பதுதான் என்னைத் தங்களிடம் எழுதத் தூண்டியது. ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இரவு உணவு வேளையைக் குடும்பப் பேச்சைப் பதிவு செய்ய ஏற்ற நேரமாகத் தாங்கள் கொள்கிறீர்கள். நான் பார்த்த சிங்கப்பூர் வீடுகளில் அந்த வேளையில் எல்லாரும் ஒன்றாக இருப்பதே குறைவு. பெற்றோர் வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிவிடுகிறது, அதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். தமிழ் பேசப்படும் நேரம் பெரும்பாலும் மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து தாத்தாவோ பாட்டியோ பிள்ளையை அழைத்து வரும் அந்த அரைமணி நேரம்தான்: புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கியில், உணவங்காடியில். அப்போது பதிவு செய்வதில் இரைச்சல் ஒரு பெரிய தொல்லை என்பதை என் பதினொரு மணி நேரமே காட்டிவிட்டது. இருப்பினும் அங்குதான் பதிவு செய்ய வேண்டும் என நம்புகிறேன். இது குறித்துத் தங்கள் மறுப்பு இருந்தால் அதைக் கேட்க மிகவும் விரும்புகிறேன்.

என் கருதுகோளுக்கு எதிராக நிற்கக்கூடிய ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாங்கள்’ என்பதே இரு பொருளிலும் வழங்குவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே வளர்ந்த தாங்கள் இதை என்னைவிட நன்கு அறிவீர்கள். எனவே ஒரு பிள்ளையின் பேச்சில் வேறுபாடு காணப்படவில்லை என்றால், அது ஆங்கிலத்தின் செல்வாக்கா, அல்லது அந்த வீட்டு வட்டார வழக்கின் இயல்பா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். மேலும் இங்குள்ள தாத்தா பாட்டிகள் ஒரே வகையினர் அல்லர். ‘பாசார்’, ‘மக்கான்’ எனச் சொல்லி மலாய் அண்டை வீட்டாரோடு வளர்ந்த முதியவர்களும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மலாயிலும் ‘கித்தா’, ‘காமி’ என இதே வேறுபாடு இருப்பதால், முதல் வகையினர் பேச்சில் அது எவ்வாறு செயல்பட்டிருக்கும் என்பது தனியாகக் கவனிக்கத் தக்கது. அவர்களுடைய இளமைக்காலத் தமிழை ஒப்பிட, தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தில் உள்ள தமிழ் நேர்காணல்கள் உதவும் என எண்ணுகிறேன். பேட்டி என்பதால் அவற்றில் நடை சற்று விறைப்பாகத்தான் இருக்கும்.

என் பள்ளி மாணவர்கள் எவரையும் இந்த ஆய்வில் சேர்க்க மாட்டேன். மதிப்பெண் போடும் ஆசிரியர் வீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தால் எந்தப் பெற்றோரும் மனம் விட்டு மறுக்க முடியாது. குடும்பங்களைச் சமூக மன்றங்கள், கோயில் வகுப்புகள் போன்ற இடங்களில் தேடுவேன். பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதத்தையும், முதியவர்களின் ஒப்புதலையும் தனித்தனியே பெறுவேன். தங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முன் எந்தப் பதிவையும் தொடங்கப் போவதில்லை. கடந்த ஆண்டின் பதிவுகளை ஆய்வேட்டுத் தரவாகப் பயன்படுத்தும் எண்ணமும் இல்லை.

என் குறைகளையும் தாங்கள் முன்பே அறிந்திருப்பது நல்லது. புள்ளியியலில் எனக்கு முறையான பயிற்சி இல்லை. முதல் ஆண்டிலேயே அதற்கான பாடம் ஒன்றில் சேர வேண்டியிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் திருத்திப் பழகிய காதுக்குப் பிழையென்று கேட்பது எல்லாம் உண்மையில் பிழையல்ல என்பதை எனக்கு அடிக்கடி யாராவது நினைவூட்ட வேண்டியும் இருக்கும். எழுத்துப் பெயர்ப்பில் பொறுமையும், முதியவர்களோடு பேசிப் பழகும் இயல்பும், குறித்த நாளில் பணியை முடிக்கும் வழக்கமும் என்னிடம் உண்டு என்று துணிந்து சொல்வேன்.

பணியை விட்டு முழுநேரமாகப் படிக்க இப்போதைக்கு என்னால் இயலாது. பெரும்பாலும் சிங்கப்பூரில் இருந்தபடி பகுதிநேரமாகப் படித்து, பள்ளி விடுமுறையான ஜூன், நவம்பர், டிசம்பர் மாதங்களில் மெல்பர்னுக்கு வந்து செல்ல இயலும். தங்கள் துறையில் இத்தகைய ஏற்பாட்டுக்கு இடமுண்டா என்பதைத் தெரிவித்தால் அதற்கேற்ப முடிவெடுப்பேன். கட்டணத்திற்கான சேமிப்பு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உண்டு. அதன் பின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

தங்களிடம் ஏற்கெனவே போதுமான மாணவர்கள் இருக்கலாம். அல்லது இந்தத் தலைப்பு தங்கள் இப்போதைய ஆர்வத்திலிருந்து விலகியிருக்கலாம். அப்படியானால் ஒரு வரியில் தெரிவித்தால் போதும், காரணம் விளக்கத் தேவையில்லை. நெறியாள்கைக்கு வாய்ப்பு உண்டு எனத் தாங்கள் கருதினால், முன்மொழிவைப் பற்றி அரைமணி நேரம் காணொளி வழியாகப் பேச விரும்புகிறேன். மெல்பர்ன் நேரம் இப்போது எங்களைவிட மூன்று மணி நேரம் முன்னால் இருப்பதால், வார நாள்களில் எனக்கு மாலை நான்கு மணியாகும்போது தங்களுக்கு இரவு ஏழாகிவிடும். அது இடைஞ்சல் என்றால் சனிக்கிழமை காலை எந்த நேரமும் எனக்கு ஏற்றதே.

முன்மொழிவோடு, ஒப்புதல் பெற்ற இரண்டு பக்க எழுத்துப் பெயர்ப்பு மாதிரியையும் இணைத்திருக்கிறேன். பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன. பாட்டி ‘யாருடா அந்த நாம’ என்று கேட்கும் பகுதி இரண்டாம் பக்கத்தில் உள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
இரா. செல்வமலர்