காலாண்டு நிதிச் செலவு அறிக்கை: 2024 அக்டோபர் – டிசம்பர்

திட்டம்: மாலை நேரப் படிப்பு மையங்கள் (காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை)
நிதியாண்டு: 2024-25, மூன்றாம் காலாண்டு
அறிக்கை தயாரான நாள்: 2025 ஜனவரி 10, காலை 6.00

இந்த அறிக்கையின் எண்கள் டாலி கணக்கிலிருந்து தானாக எடுக்கப்பட்டவை. ஒவ்வொரு வவுச்சரையும் பதியும்போதே அது எந்தத் தலைப்பில் சேர வேண்டும் என்று குறித்துவிடுகிறோம். காலாண்டு முடிந்ததும் மென்பொருள் கூட்டிக்கொள்கிறது. பட்ஜெட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தலைப்பில் * விழும். * விழுந்த இடங்களுக்கு மட்டும் கணக்காளர் விளக்கம் எழுதியிருக்கிறார்.

| தலைப்பு | ஆண்டு பட்ஜெட் (ரூ.) | காலாண்டு பட்ஜெட் | காலாண்டுச் செலவு | வேறுபாடு | % |
|---|---|---|---|---|---|
| 1. ஆசிரியர் மதிப்பூதியம் | 6,48,000 | 1,62,000 | 1,57,500 | −4,500 | −2.8 |
| 2. ஒருங்கிணைப்பாளர் சம்பளம் | 2,40,000 | 60,000 | 60,000 | 0 | 0 |
| 3. வாடகை, மின்சாரம் | 2,88,000 | 72,000 | 71,340 | −660 | −0.9 |
| 4. மாலைச் சிற்றுண்டி * | 3,16,800 | 86,400 | 63,480 | −22,920 | −26.5 |
| 5. நோட்டு, புத்தகம் * | 90,000 | 18,000 | 29,750 | +11,750 | +65.3 |
| 6. ஆசிரியர் பயிற்சி * | 60,000 | 24,000 | 0 | −24,000 | −100 |
| 7. பயணம் | 36,000 | 9,000 | 8,460 | −540 | −6.0 |
| 8. நிர்வாகம், தணிக்கை | 60,000 | 12,000 | 12,180 | +180 | +1.5 |
| மொத்தம் | 17,38,800 | 4,43,400 | 4,02,710 | −40,690 | −9.2 |

தலைப்பு 4: சிற்றுண்டி

இதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 120 பிள்ளைகளுக்கு, தலைக்கு 12 ரூபாய் வீதம் 60 நாள் என்று திட்டமிட்டோம். அக்டோபர் நடுவில் பெய்த மழை, ஃபெஞ்சல் புயல், டிசம்பர் மழை என்று மையங்கள் 13 நாள் திறக்கவில்லை. அதில் மட்டும் 18,720 ரூபாய் செலவாகாமல் நின்றது. மீதி 4,200 ரூபாய், திறந்திருந்த 47 நாட்களில் பிள்ளைகள் வராததால் போகாத 350 சுண்டல் பொட்டலங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் வியாசர்பாடி மையத்துக்கு வருபவர்கள் சுற்றித்தான் வர வேண்டும். வருகைப் பதிவேட்டில் குறைவு அதிகம் தெரிவதும் அங்கேதான்.

தலைப்பு 5: நோட்டு, புத்தகம்

அக்டோபர் மழையில் வியாசர்பாடி மையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கீழ்த்தட்டில் இருந்த நோட்டுகளும் பயிற்சிப் புத்தகங்களும் ஊறிப் போயின. அவற்றை மறுபடி வாங்கிய செலவுதான் கூடுதலாகத் தெரியும் 11,750 ரூபாய். பில்கள், நனைந்த பொருட்களின் பட்டியல், படங்கள் இணைப்பில் உள்ளன. புதிதாக வாங்கியதெல்லாம் இப்போது மேல்தட்டில் இருக்கிறது. ஆண்டு வரம்பை இன்னும் தாண்டவில்லை: ஒன்பது மாதச் செலவு 82,150, கையில் மீதி 7,850.

தலைப்பு 6: பயிற்சி

பயிற்சிக்குக் குறித்த நாள் நவம்பர் 30, சனிக்கிழமை. அன்று இரவுதான் ஃபெஞ்சல் கரையைக் கடந்தது. பயிற்சி ஜனவரி 25-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. மண்டபத்துக்குக் கொடுத்த 3,000 ரூபாய் முன்பணமாகவே நிற்கிறது. பில் வந்த பிறகுதான் செலவில் ஏறும்.

தலைப்பு 1-இல் * விழவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடலாம்: கொருக்குப்பேட்டை ஆசிரியர் ஒருவர் நவம்பர் நடுவில் விலகினார், டிசம்பரில்தான் வேறொருவர் சேர்ந்தார். அரை மாத மதிப்பூதியம் அப்படி மிஞ்சியது.

கைவசம் உள்ள நிதி

| விவரம் | ரூ. |
|---|---|
| தங்களிடமிருந்து பெற்றது (மூன்று தவணை) | 13,04,100 |
| ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலவு | 8,42,210 |
| இந்தக் காலாண்டுச் செலவு | 4,02,710 |
| மீதி | 59,180 |
| சேர்க்க: வங்கி வட்டி | 6,214 |
| கழிக்க: மண்டப முன்பணம் | 3,000 |
| டிசம்பர் 31 வங்கி இருப்பு | 62,394 |

வங்கி அறிக்கையோடு ஒத்துப் பார்த்தாயிற்று, வித்தியாசம் இல்லை. வட்டியைத் திட்டக் கணக்கிலேயே வைத்திருக்கிறோம், எடுத்துச் செலவழிக்கவில்லை.

தங்கள் ஒப்புதல் வேண்டுவது

சிற்றுண்டித் தலைப்பில் ஆண்டு மீதி 1,14,360. கடைசிக் காலாண்டின் 60 நாளுக்கு 86,400 போனால் 27,960 மிஞ்சும். அதில் 12,960 ரூபாயில், இழந்த நாட்களில் 9 நாளை ஞாயிறுகளில் வகுப்பு வைத்து ஈடுகட்ட நினைக்கிறோம். 13 நாளையும் ஈடுகட்டலாம்தான், ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மார்ச் இறுதியில் பொதுத்தேர்வு. எல்லா ஞாயிறும் வகுப்பு என்றால் தாங்காது.

மீதி 15,000 ரூபாயைத் தலைப்பு 5-க்கு மாற்ற அனுமதி கேட்கிறோம். பத்தாம் வகுப்புக்கான தேர்வுப் பயிற்சி நோட்டுகளும் மாதிரி வினாத்தாள் நகல்களும் அதில் வாங்குவோம். இருக்கிற 7,850 போதாது. மாற்றக் கேட்கும் 15,000 அந்தத் தலைப்பின் ஆண்டு பட்ஜெட்டில் 16.7 சதவீதம். ஒப்பந்தப்படி 10 சதவீதத்தைத் தாண்டும் மாற்றத்துக்குத் தங்கள் எழுத்து ஒப்புதல் தேவை. ஜனவரி 24-க்குள் பதில் கிடைத்தால் பிப்ரவரி முதல் வாரத்தில் நோட்டுகள் பிள்ளைகள் கைக்குப் போய்விடும்.

நான்காம் தவணை 4,34,700 ரூபாயை வழக்கம்போல விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்புகள்: தலைப்பு வாரியான வவுச்சர் பட்டியல், வங்கி ஒத்திசைவு, வருகைப் பதிவேட்டுச் சுருக்கம், தலைப்பு 5-க்கான பில்கள், நனைந்த பொருட்களின் பட்டியல், படங்கள்.

கணக்காளர் விளக்கம் எழுதியது ஜனவரி 10. செயலாளர் பார்த்து ஒப்பமிட்டது ஜனவரி 11.