நிலா ஏன் தேயுது, வளருது?

புள்ளைங்களா, திருவையாறு படித்துறையில மூணாம்பிறை பாத்திருப்பீங்கல்ல, மத்த பாகம் எங்க போச்சு? பூமி நிழல் மறைக்குதுன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, நிழல் விழுந்தா அது கிரகணம்.

(லைட்ட அணை, குண்டு பல்பு மட்டும் எரியட்டும்)

பல்பு சூரியன், உன் தலை பூமி, இந்த தெர்மாகோல் பந்து நிலா.

(பந்த பல்பு பக்கம் நீட்டு) உன்ன பாத்த பக்கம் இருட்டு, அமாவாசை.

(மெதுவா இடதுபக்கம் திரும்பு) வலது ஓரத்துல கீத்து மாதிரி வெளிச்சம் வருதா? அதான் பிறை! இன்னும் திரும்பு, கால் சுத்துல பாதி நிலா.

(பல்புக்கு முதுகு காட்டு, பந்த தலைக்கு மேல தூக்கு) பௌர்ணமி.

தூக்கலன்னா உன் நிழல் விழும், நிஜத்துல நிலாவோட பாதை 5 டிகிரி சாஞ்சிருக்கறதால மாசாமாசம் கிரகணம் வர்றதில்ல.

பந்துல பாதி எப்பவும் வெளிச்சமாத்தான் இருந்துச்சு, நமக்கு தெரியறதுதான் மாறுது, இந்த சுத்து முடிய ஏறக்குறைய இருபத்தொம்பதரை நாள்.

(மீதி சுத்த முடி, தேய்பிறைய அவங்களே சொல்லட்டும்)