தருமபுரி: முகப்புப் பத்தியும் ஐயாவுக்கு ஒரு கடிதமும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரை 28 பக்கத்தையும் மூன்று முறை படித்துவிட்டேன். வாசகர் வட்டம் கொண்டுவரும் மாவட்டக் களஞ்சியத்தில் தருமபுரி என்ற தலைப்பின் கீழ் முதலில் வரவேண்டிய பத்தியை எழுதி இத்துடன் அனுப்புகிறேன். முதலில் பத்தியைப் படித்துவிடுங்கள். ஏன் இப்படி எழுதினேன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

தருமபுரி (பழைய பெயர்: தகடூர்) தமிழ்நாட்டின் வடமேற்கில், சேலத்திலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த நகராட்சி, தருமபுரி மாவட்டத்தின் தலைநகர். சங்க காலத்தில் இது அதியமான் மரபினரின் தலைநகராக இருந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து கூறுகிறது. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் நுளம்பரும் அவர்களுக்குப் பின் சோழரும் இப்பகுதியை ஆண்டனர். 18ஆம் நூற்றாண்டில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் அரசில் இருந்த, தருமபுரியை உள்ளடக்கிய பாரமகால் நாடு, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானது. அடுத்து வந்த ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் பாரமகாலில் நிலங்களை அளந்து, உழவரிடமே நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறையை உருவாக்கினர். சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்த தருமபுரி மாவட்டத்துக்கு இவ்வூர் தலைநகரானது. அம்மாவட்டத்திலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. பட்டுக்கூடு, மாம்பழம், புளி ஆகியவை இவ்வட்டாரத்தின் முக்கிய விளைபொருள்களும் வணிகப் பொருள்களும் ஆகும்.

அவ்வளவுதான் ஐயா. 28 பக்கத்துக்கு ஒரே பத்தி என்றதும் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். நாற்பது வருடம் ஊர் ஊராக நடந்து சேர்த்த செய்திகள். அதில் ஒரு வரிகூட வீணாகக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். கட்டுரை முழுதும் அடுத்த பக்கங்களில் அப்படியே வருகிறது. இந்தப் பத்தியைப் படிப்பவர் வேறு ஆள். திருநெல்வேலியிலோ மலேசியாவிலோ உட்கார்ந்து, தருமபுரி என்றால் ஒகேனக்கலுக்குப் போகிற வழியில் வருகிற ஒரு பேருந்து நிலையம் என்று மட்டும் தெரிந்தவர். அவருக்கு ஒரு நிமிடத்தில் இந்த ஊர் என்ன என்று பிடிபட வேண்டும்.

உங்கள் கட்டுரை நெல்லிக்கனியில் தொடங்குகிறது. முதல் நான்கு பக்கம் அதுதான். சொல்லப்போனால் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த நான்கு பக்கமும் அதுவே. கனியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அதியமான் ஔவைக்குக் கொடுத்ததையும், உண்ட பிறகு அதன் சிறப்பை அறிந்து அவர் வாழ்த்தியதையும் புறநானூறு 91ஆம் பாட்டை வைத்தே விளக்கியிருக்கிறீர்கள். அதைப் பத்தியில் சேர்க்க இரண்டு நாள் முயன்றேன். நெல்லிக்கனி அந்த மனிதனின் கதை. பத்தியோ ஊரின் கதை. அரை வாக்கியத்தில் சொன்னால் கதை செத்துப் போகிறது, முழுதாகச் சொன்னால் நுளம்பருக்கும் மன்றோவுக்கும் இடமில்லை. அதனால் ஔவையார் பெயரையும் புறநானூற்றையும் மட்டும் வைத்துவிட்டு, கனியை உடற்பகுதியின் முதல் பிரிவுக்கு நகர்த்தியிருக்கிறேன்.

"ஈடு இணையற்ற கொடை வள்ளல்", "மாவீரன்", "தமிழ் வளர்த்த தகடூர்" என்ற சொற்களை எடுத்துவிட்டேன். ஆனால் கடையெழு வள்ளல்களுள் ஒருவன் என்பதை விடவில்லை. அது நாம் சூட்டும் புகழ் இல்லை. சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்கிறது, அதில் அதிகனும் இருக்கிறான். சான்று இருக்கிற புகழ் தகவல். சான்று இல்லாத புகழ் நம் ஆசை. களஞ்சியத்தில் அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால், அடுத்த வரியில் நாம் சொல்லும் உண்மையையும் படிப்பவர் சந்தேகப்படுவார்.

இரண்டு இடங்களில் திருத்தம் தேவைப்பட்டது, மன்னிக்கவும். ஆறாம் பக்கத்தில் ஆத்திசூடி பாடிய ஔவையும் அதியமான் காலத்து ஔவையும் ஒருவராகவே வந்துவிட்டார்கள். ஆத்திசூடி பல நூற்றாண்டு பிந்தியது. பெயர் ஒன்று, ஆள் வேறு. சிறுவயதில் பள்ளியில் கேட்டது நம் எல்லோருக்கும் மனதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் இது யாருக்கும் வரக்கூடிய பிழைதான். இன்னொன்று ஜம்பைக் கல்வெட்டு. "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி" என்ற பெயர் தமிழ் பிராமியில் வரும் அந்தக் கல்வெட்டை நம் மாவட்டத்தில் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது 1981இல் திருக்கோவலூருக்குப் பக்கத்தில், பெண்ணை ஆற்றுப் பகுதியில் உள்ள ஜம்பையில் கண்டெடுக்கப்பட்டது. ஊர் வேறாக இருப்பதுதான் அதன் மதிப்பு என்று எனக்குப் படுகிறது. தகடூர் அரசன் அவ்வளவு தூரத்தில் சமணத் துறவிகளுக்குப் படுக்கை கொடுத்திருக்கிறான். அசோகரின் கல்வெட்டு சோழ, பாண்டிய, கேரளரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை கிடைத்தது. இதை உடற்பகுதியில் தனிப் பத்தியாக விரித்து எழுதுங்கள். முகப்புக்கு வேண்டாம்.

தகடூர் யாத்திரையையும் பத்தியில் சேர்க்கவில்லை. நூல் முழுதாகக் கிடைக்கவில்லை, புறத்திரட்டில் வந்த பாடல்கள்தான் மிச்சம். தகடூர்ப் போரைச் சொல்ல பதிற்றுப்பத்தே போதும். அதன் எட்டாம் பத்தில் அரிசில் கிழார் பாடிய பத்துப் பாடல்களும் நம் கையில் முழுதாக இருக்கின்றன.

நடுகற்களைப் பற்றி உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அகழ்வைப்பகத்துக்குப் போய் வந்தேன். மதியம் இரண்டு மணி, வேறு யாரும் இல்லை. ஒரு கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றேன். வில்லும் குறுவாளுமாக ஒரு வீரன், காலடியில் சின்னதாக ஒரு கெண்டி. கல் மேல் படிந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தபோது எழுத்தின் பள்ளம் விரலுக்குத் தெரிந்தது. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய பாட்டு, புறநானூறு 232, அப்போது நினைவுக்கு வந்தது. நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை வைத்தால் அவன் ஏற்றுக்கொள்வானோ, நாட்டையே கொடுத்தபோதும் கொள்ளாதவன் ஆயிற்றே என்று கேட்கிற பாட்டு. அதற்குச் சில நூற்றாண்டு பிந்திய கல் ஒன்று இங்கே என் விரல் நுனியில். ஐயா, அந்த இரண்டையும் இணைத்து நீங்கள் ஒரு பக்கம் எழுதினால் மொத்தக் கட்டுரைக்கும் அதுதான் உயிர். இப்போது நடுகற்கள் 19ஆம் பக்கத்தில் ஒரு பட்டியலாக, ஊர்ப்பெயரும் அளவுமாக நிற்கின்றன. பட்டியல் இருக்கட்டும். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் வரட்டும்.

நுளம்பரைப் பற்றி நீங்கள் இரண்டு வரியில் முடித்திருந்தீர்கள். பத்தியில் அவர்களுக்கு அரை வாக்கியமாவது வேண்டும் என்று வைத்தேன். கோட்டைப் பகுதியில் மல்லிகார்ச்சுனேசுவரர் கோயில் மண்டபத் தூண்களைப் பார்க்காமல் யாரும் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. தகடூரில் சமணக் கோயில் கட்டியதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டும் நுளம்பர் காலத்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர் இது. அந்தக் கலப்பு நேற்று பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்ததில்லை என்று இந்த ஒரு கல்வெட்டே சொல்லிவிடும்.

மன்றோவுக்கு நான் கொடுத்த இடம் உங்களுக்கு அதிகமாகத் தோன்றலாம். நீங்கள் அவரைக் "கம்பெனி அதிகாரி" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். பின்னாளில் சென்னை ஆளுநரான அதே மன்றோ, 1792 முதல் ஏழு ஆண்டு பாரமகாலில் ரீடுக்குக் கீழே வேலை பார்த்தவர்; தருமபுரியில் குடியிருந்தவர். நடுவில் ஜமீன்தார் இல்லாமல், நிலத்தை அளந்து, உழுகிறவன் பெயரிலேயே வரி எழுதுவது என்ற யோசனை வளர்ந்த இடங்களில் நம் மண்ணும் ஒன்று. அது பிறகு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. இன்று பட்டா வாங்க வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு, அந்த வழக்கத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது என்று தெரியட்டும். வரிச்சுமை கடுமையாக இருந்ததையும் உடற்பகுதியில் மறைக்காமல் சொல்லவேண்டும். இதற்காகப் பத்தியில் நான் பலி கொடுத்தது மொரப்பூரிலிருந்து நம் ஊருக்கு வந்த குறுகிய ரயில் பாதையை. 1906இல் வந்து இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றப்பட்ட பாதை. உங்கள் தாத்தா அதில் புளி மூட்டை ஏற்றியதாக நீங்கள் எழுதிய வரிக்காகவே உடற்பகுதியில் அதற்குத் தனித் தலைப்பு போட்டிருக்கிறேன்.

கடைசி வாக்கியத்தில் பட்டுக்கூட்டை முதலில் வைத்தேன். விடியற்காலையில் ஏல அங்காடிக்கு விவசாயிகள் கூடைகளில் கொண்டுவரும் வெள்ளையும் மஞ்சளுமான கூடுகளைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் வைப்பீர்கள்.

எழுத்து விஷயத்தில் ஒன்று. கட்டுரையில் தர்மபுரி, தருமபுரி இரண்டும் மாறி மாறி வருகின்றன. அரசு ஆவணத்தில் உள்ளபடி எல்லா இடத்திலும் தருமபுரி என்று மாற்றியிருக்கிறேன். தகடூர் என்பது முதல் வரி அடைப்புக்குறியிலும் சங்க காலம் பேசும் இடத்திலும் மட்டும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் பத்தியின் மேலேயே நீல மையில் கோடு போட்டு வையுங்கள். குறிப்பாக மன்றோ வரியில் "உருவாக்கினர்" சரியா, "தொடங்கினர்" சரியா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. ரீட் முதலில் ஊர்களுக்குக் குத்தகை முறையைத்தான் முயன்றார் என்பதால் "தொடங்கினர்" கொஞ்சம் இடிக்கிறது. உங்கள் காதுக்கு எது சரியாகப் படுகிறதோ அதையே வைத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி