காலை டிபனை மட்டும் மாற்றுகிறோம்: கர்ப்பத்தின் 28-வது வாரத்துக்கான உணவுத் திட்டம்

நீங்கள் எழுதி வந்த சர்க்கரைக் குறிப்பைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 91, மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து 116. இரண்டும் சரியாகவே இருக்கின்றன. காலை டிபனுக்குப் பிறகுதான் 148. அது 120-க்குள் வரவேண்டும். நான்கு இட்லியும் ஆப்பிள் ஜூஸும் சேர்ந்த வேலை அது. கர்ப்பகாலத்தில் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தமாக்குகின்றன, காலையில் இன்னும் அதிகமாக. பயந்துபோய் இரண்டு நாள் இரவில் சாப்பிடாமல் படுத்ததாகச் சொன்னீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்கும் குழந்தைக்கும் அது நல்லதல்ல.

கப் என்றால் 200 மில்லி பிடிக்கும் கிண்ணம். சோற்றைக் குவிக்காமல், அழுத்தாமல், தலைதட்டி எடுங்கள்.

காலை 6.30: சர்க்கரை போடாத டீ சிறிய டம்ளர், ஊறவைத்த பாதாம் ஐந்து.

8.00: உள்ளங்கைக்குள் அடங்கும் இட்லி இரண்டு, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கப், அவித்த முட்டை ஒன்று. அலுத்துப்போனால் பாசிப்பயறு தோசை இரண்டு அல்லது அடை ஒன்று. பழம், ஜூஸ், கஞ்சி இந்த வேளைக்கு வேண்டாம். கேழ்வரகுக் கூழ் நல்லதுதானே என்று கேட்டீர்கள். மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து சர்க்கரை ஏறிவிடும்.

10.30: சுண்டல் அரை கப். ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிய கொய்யா ஒன்று.

1.00: முதலில் பொரியலும் கீரையும் ஒன்றரை கப், அப்புறம் சோறு ஒரு கப். கூடவே சாம்பார், ஒரு துண்டு குழம்பு மீன், அரை கப் தயிர். உருளைக்கிழங்கு, சேனை சமைத்தால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். அவை காய்க் கணக்கில் வராது.

4.00: வேகவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, மோர்.

7.30: சப்பாத்தி இரண்டு, பருப்புக் கூட்டு ஒரு கப், வெள்ளரிக்காய்.

9.45: சர்க்கரை இல்லாத பால் ஒரு டம்ளர். இதைத் தவறவிடாதீர்கள். இரவில் வயிறு நெடுநேரம் காலியாக இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சிலருக்கு ஏறும்.

வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். "கொஞ்சம் போட்டால் என்ன" என்று வீட்டில் சொன்னாலும் வேண்டாம். மூன்று வேளையும் சாப்பிட்ட பின் 15 நிமிடம் மெதுவாக நடங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீ, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள்.

ஏழு நாள் இப்படியே சாப்பிட்டுக் குறிப்பை எடுத்து வாருங்கள். வெறும் வயிற்றில் 95-க்கு மேல் இரண்டு நாள் வந்தாலோ, எடை குறைந்தாலோ, ஏழு நாள் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.